பத்தாம் தேதித் தவணை

மலைமேல் பஸ் திரும்பிக் கீழே போகும் இடத்தில் எங்கள் கடை இருந்தது. உப்பு, மண்ணெண்ணெய், பீடி, வெல்லம், சாயத்துண்டு, மாட்டுக்குக் கயிறு என்று மலைக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கும். கையில் காசு வைத்துக்கொண்டு வாங்குகிறவர்கள் குறைவு. ஆடியில் சாமை விதைக்கக் கொஞ்சம், கார்த்திகைக்குத் துணிக்குக் கொஞ்சம் என்று முன்பணமாகவும் சாமானாகவும் வாங்கிப் போவார்கள். மாசி, பங்குனியில் புளி உலுக்கியதும் அதற்கு ஈடாகப் புளி கொண்டு வந்து போடுவார்கள். அந்தப் புளியை நாங்கள் நிறுத்து, மூட்டை கட்டி, கீழே ஒடுகத்தூர் மண்டிக்காரருக்கு அனுப்புவோம். மூட்டைக்கு இவ்வளவு என்று கமிஷன். முன்பணம் கொடுக்கிற காசும் மண்டிக்காரருடையதுதான். மரம் மலைக்காரர்களுடையது, பணம் மண்டிக்காரருடையது, தராசு மட்டும் எங்களுடையது என்று என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பில் கசப்பு இருப்பது எனக்குத் தெரியும்.

கடைக் கணக்கு நான்தான் எழுதினேன். எட்டாவது வரை படித்திருந்தேன். கணக்கு முடிந்ததும் அன்றைய மழை, பஸ் வந்ததா இல்லையா, யார் வந்தார்கள் என்று நாலு வரி எழுதி வைப்பதும் வழக்கம். இப்போதும் எழுதுகிறேன். அந்த வருஷத்தை வரிசை மாறாமல் சொல்ல முடிவது அதனால்தான்.

அவருக்கு ஆட்களை எடைபோட ஒரே ஒரு முறை இருந்தது. வாங்கினவன் முகம் காட்டுகிறானா என்று பார்ப்பார். சந்தை நாளில் கடன்காரன் ஒருவன் வந்து இரண்டு முட்டையோ, ஒரு படி சாமையோ, கொஞ்சம் தேனோ வைத்துவிட்டு, "இத்தக் கணக்குல போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போனால், அவன் நல்லவன். அவனுக்கு அடுத்த முறை கேட்ட தொகை கிடைக்கும். வருஷம் முழுக்கக் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, பங்குனியில் மொத்தப் புளியோடு வந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் தீர்ப்பவனிடம் அவருக்கு நம்பிக்கை இல்லை. தீர்த்தாலும் நம்பிக்கை இல்லை.

கடைக்குப் பின்னால் ஓடைக்கு அந்தப் பக்கம் அப்படி ஒருவர் இருந்தார். நல்ல காய்ப்புள்ள ஆறு மரம் அவருக்கு. வருஷா வருஷம் ஒரே நாளில் கடனைத் தீர்ப்பார். ஆனால் நடுவில் ஒரு நாளும் கடைப்பக்கம் தலை காட்ட மாட்டார்.

"இன்னாப்பா, உசுரோடதான் கீறியா?" என்று என் வீட்டுக்காரர் வழியில் பார்த்தால் கேட்பார்.

"மரம் உசுரோட கீது கடைக்காரரே. அது இருந்தா நான் இருந்த மாதிரிதான்" என்பார் அவர், நிற்காமல் நடந்துகொண்டே.

"பாத்தியா, நின்னு பதில் சொல்றானா பாரு" என்று இவர் என்னிடம் சொல்வார்.

அந்தத் தை மாதம் மெட்ராஸ் மொத்த வியாபாரி ஒருவரின் ஏஜெண்டு மலைக்கு வந்தார். மண்டிக்குப் போகிற புளியில் எங்கள் பக்கத்துப் புளி தனியாகத் தெரிகிறது, சிவப்பும் சதையும் நன்றாக இருக்கிறது, மண்டி வழியாக வாங்கினால் கலப்படமாகி வருகிறது என்றார். ஓடு நார் கொட்டை எல்லாம் நீக்கிய புளி, ஆறு டன், ஒரே லாரி. கிலோ மூன்று ரூபாய். தீபாவளிக்கு முன்னால் லாரி வரும், ஏற்றி ஒரு மாதத்தில் மொத்தப் பணமும் டிராப்டாக வரும். முன்பணம் கிடையாது. லாரி நிறையாவிட்டால் வியாபாரம் கிடையாது. பாதி லாரிக்கு வாடகை கட்டுப்படியாகாது என்பது அவர் நியாயம்.

அறுவடைச் சமயத்தில் வாங்கி, மலைப் பெண்களுக்குக் கூலி கொடுத்துச் சுத்தம் செய்து, பொதி கட்டினால் எங்களுக்கு எல்லாம் சேர்த்துக் கிலோ இரண்டு ரூபாய் ஆகும். ஆறு டன்னுக்குப் பன்னிரண்டாயிரம். பதினெட்டாயிரம் வரும். ஆனால் பங்குனியில் போடுகிற பணம் கார்த்திகையில்தான் திரும்பும்.

"ஒரு வருஷம் தாண்டிட்டா போதும்மே" என்றார் என் வீட்டுக்காரர், அன்று சாப்பிடும்போது. "அப்பறம் மலையில முன்பணம் குடுக்கிற காசும் நம்மதா இருக்கும். மண்டிக்காரர் வாசல்ல செருப்பக் கழட்டி வெச்சிட்டு நிக்க வேணாம்."

அதுதான் வேண்டியிருந்தது அவருக்கு. ஆறாயிரம் ரூபாய் லாபம் இரண்டாம் பட்சம்.

ஒடுகத்தூரில் சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கிற பாங்கு ஒன்று இருந்தது. நானும் உடன் போனேன், ஜாமீன் கையெழுத்துக்கு. மேனேஜர் பொறுமையானவர். அவசரமில்லாமல் கேட்டார், எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

"பன்னெண்டாயிரம், ஒரு வருஷத்துக்கு. வட்டி வருஷத்துக்குப் பன்னெண்டு சதவீதம், அதாவது நூத்துக்கு மாசம் ஒரு ரூபா. இதத் திருப்பிக் கட்டறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மாசத் தவணை. அசல்ல மாசம் ஆயிரம் கட்டணும், அதோட நிக்கற அசலுக்கு மட்டும் வட்டி. முதல் மாசம் ஆயிரத்து நூத்தி இருபது. அடுத்த மாசம் அசல் பதினோராயிரமா கொறைஞ்சிடும், ஆயிரத்து நூத்திப் பத்து. இப்படி மாசம் பத்து ரூபா கொறைஞ்சுக்கிட்டே போகும். வருஷம் முடிஞ்சா கடனும் முடிஞ்சிடும்."

"இன்னொண்ணு?" என்றார் இவர்.

"இன்னொண்ணுல மாசம் வட்டி நூத்தி இருபது மட்டும் கட்டுவீங்க. அசல்ல ஒரு பைசா கொறையாது. வருஷக் கடைசியில பன்னெண்டாயிரமும் ஒரே தடவையா கட்டணும்."

"மொத்த வட்டி எதுல கம்மி சார்?" என்று நான் கேட்டேன்.

"தவணையிலதாம்மா. எழுநூத்தி எண்பது ஆகும். ஒரே தடவையா கட்டினா ஆயிரத்து நானூத்தி நாப்பது. ஏன்னா கடைசி வரைக்கும் முழு அசலும் உங்க கையில இருக்கு, முழு அசலுக்கும் வட்டி ஓடும்." பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "உங்களுக்குப் பணம் எப்ப வருது?"

"கார்த்திகையில சார். மொத்தமா."

"நடுவுல?"

"கடை ஓடுது. மலையில வரவேண்டிய பாக்கியும் கீது."

"அப்ப யோசிச்சுக்குங்க. மொத்தமா வர்ற பணத்துக்கு மொத்தமா கட்டற கடன் பொருந்தும். ஆனா அதுல ஒரு ஆபத்து இருக்கு. சொன்ன நாள்ல அந்தப் பணம் வரலன்னா, பன்னெண்டாயிரமும் அதே நாள்ல தலைமேல நிக்கும். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் கொறைச்சிருக்க மாட்டீங்க."

என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "மாசாமாசம் கட்டறேன் சார். வாங்கிட்டு வருஷம் பூரா ஓடி ஒளியறவன் நான் இல்ல."

"யாரும் ஓடி ஒளியறதா சொல்லல" என்று மேனேஜர் சிரித்தார். "அதுவும் ஒரு வழி, அவ்வளவுதான்."

எனக்கும் அறுநூற்று அறுபது ரூபாய் மிச்சம் என்பது கண்ணில் நின்றது. மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, "பத்தாந்தேதி. ஒவ்வொரு பத்தாந்தேதியும் பாங்குல முகம் காட்டணும்" என்று இரண்டு முறை சொன்னார். அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது.

அந்தப் பங்குனி நன்றாகவே போனது. புளி நல்ல காய்ப்பு. கடைக்குப் பக்கத்தில் ஒரு கல்வீட்டைக் கிடங்காக வாடகைக்குப் பிடித்தோம். பாங்குக்காரர்கள் வந்து பார்த்து, உள்ளே இருக்கும் சரக்கு பாங்குக்கு ஈடு என்று ஒரு தகரப் பலகையைக் கதவில் அடித்துவிட்டுப் போனார்கள். கிடங்கின் முன்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுத்தார்கள். என்னை அக்கா என்றும் அவரை அண்ணா என்றும் கூப்பிடுவார்கள். பேச்சுக்குக் குறைவில்லை.

"இன்னா அக்கா, பாங்குக்கு மாசாமாசம் பணம் கட்டணுமாமே?" என்று ஒருத்தி கேட்டாள். வாய் நீளமானவள், ஆனால் அவள் தட்டிய புளியில் ஒரு கொட்டை தங்காது.

"ஆமா."

"மாசாமாசம் காய்க்கிற மாதிரி ஒரு புளியமரம் பாங்குக்காரரு குடுத்தாரா? குடுத்தா எங்களுக்கும் ஒரு கன்னு வாங்கிக் குடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "உன் வாய விக்கலாம், மாசாமாசம் காய்க்குது" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆறு டன்னும் பனையோலைப் பாயில் சுற்றி, பொதி பொதியாக ஏறி, கிடங்கின் கூரையைத் தொட்டது. இதற்கு முன் நாங்கள் எங்களுக்கென்று எதையும் அடுக்கி வைத்ததில்லை.

முதல் தவணைக்கு எங்களிடம் இருந்த சேமிப்பு சரியாகப் போனது. அதைக் கட்டிவிட்டு வந்தவர் ரசீதை என்னிடம் கொடுத்து, "மேனேஜர் எழுந்து நின்னாரு" என்றார்.

இரண்டாவது தவணைக்குக் கடைப் பணம் முந்நூறுக்கு மேல் தேறவில்லை. கடை எங்கள் சாப்பாட்டுக்குப் போக மாதம் முந்நூறு, முந்நூற்றைம்பதுதான் மிச்சம் கொடுக்கும். இது முன்பே தெரிந்த விஷயம்தான். ஆனால் மலைப்பாக்கி வரும் என்று அவர் நினைத்திருந்தார். பாக்கி வைத்திருந்தவர்களிடமெல்லாம், "இனிமே மாசாமாசம் ஏதாவது குடுக்கணும்" என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். முட்டை வைக்கிறவர் இன்னும் இரண்டு முட்டை கூடுதலாக வைத்தார். பணம் வரவில்லை. புளியைத்தான் பங்குனியிலேயே கொடுத்துவிட்டார்களே. சாமை அறுக்கும் வரைக்கும் யாரிடமும் ஒன்றும் இல்லை. முட்டையும் தேனும் ஆயிரத்து நூறு ஆவதற்கு இன்னும் எத்தனை மலை வேண்டும். என் வளையல் இரண்டையும் அடகு வைத்து அந்தத் தவணையைக் கட்டினோம்.

மூன்றாவது தவணைக்கு நாலு நாள் முன்னால் அவர் கிடங்கைத் திறந்து நின்றார். நான் அடுப்பு வேலையை விட்டுவிட்டுப் போனேன்.

"ஒரு பத்துப் பொதி மண்டிக்கு அனுப்பிரலாம்" என்றார்.

"அப்ப ஆறு டன்னுக்குக் குறையுமே?"

"ஆவணியில யாராவது ஏலகிரிப் பக்கம் வெச்சிருப்பாங்க. வாங்கி நிரப்பிக்கலாம்."

ஆவணியில் புளி விலை என்னவாகும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பங்குனியில் மலிவாக இருக்கிற புளி, மழைக்காலம் ஏற ஏற ஏறும். அதனால்தான் மெட்ராஸ்காரர் தீபாவளிக்கு மூன்று ரூபாய் சொன்னார். நாங்கள் மலிவுக் காலத்தில் விற்று, ஏறின காலத்தில் வாங்கி நிரப்புவதா? நான் கேட்கவில்லை. நோட்டில் பத்துப் பொதியைக் கழித்து எழுதினேன்.

மண்டிக்காரர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார், எங்களுக்கு ஆன அடக்க விலையும் அதேதான். பொதிகளைப் பார்த்து, "எம்மாஞ் சுத்தமான சரக்கு. என் ஆளுங்களுக்கு இப்படித் தட்டத் தெரியல" என்று பாராட்டினாராம். விற்ற பணத்தில் கடைப் பணத்தைச் சேர்த்து, அதே நாள் பாங்கில் கட்டிவிட்டு வந்தார். பலகையில் எழுதியிருந்தபடி சரக்கு பாங்குக்கு ஈடு, விற்ற பணமும் பாங்குக்குத்தானே போகிறது, தப்பில்லை என்று மேனேஜரும் சொன்னாராம். தப்பில்லைதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பத்தாம் தேதிக்கும் முன்னால் கிடங்குக் கதவு திறந்தது. மாதம் முந்நூற்று எழுபது, முந்நூற்று எண்பது கிலோ. வெளியே விலை ஏறினபோதும் மண்டிக்காரர் அவசரச் சரக்குக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் போடவில்லை. வட்டி மாதம் பத்து ரூபாய் குறைந்துகொண்டே வந்தது, மேனேஜர் சொன்ன மாதிரியே. அசலும் குறைந்தது. கிடங்கும் குறைந்தது.

ஆடி பிறந்ததும் மலைக்காரர்கள் விதைப்புக்கு முன்பணம் கேட்டு வந்தார்கள். எப்போதும் வருவதுதான். மண்டிக்காரர் பணத்தை இந்த முறை நாங்கள் வாங்கவில்லை. நம் பணத்தில் கொடுப்போம் என்று என் வீட்டுக்காரர் தை மாதத்திலேயே மண்டிக்காரரிடம் சொல்லிவிட்டார். நம் பணம் எல்லாம் பாங்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆறு மரக்காரர், பங்குனிக்குப் பிறகு முதல் முறையாகக் கடைக்கு வந்து நின்றார். வாங்க ஒரு நாள், தீர்க்க ஒரு நாள், அவ்வளவுதான் அவர் வருவது.

"நூறு ரூபா போதும் கடைக்காரரே. பங்குனியில புளியா போட்டுர்றேன்."

"இப்ப இல்லப்பா."

"அம்பது?"

"இருந்தா குடுக்க மாட்டனா? பத்தாந்தேதி பாங்குக்குக் கட்டணும்."

அவர் கிடங்குக் கதவின் தகரப் பலகையைப் பார்த்தார். "உள்ள அம்மாம் சரக்கு கீது. கையில அம்பது ரூபா இல்ல." குத்தலாகச் சொல்லவில்லை, புரியாமல் சொன்னார். பிறகு, "சரி, வர்றேன்" என்று போனார். அந்த வாரத்திலேயே மண்டிக்காரருடைய ஆள் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து, ஊருக்கு நடுவில் அரசமரத்தடியில் உட்கார்ந்து முன்பணம் கொடுத்தான். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தான். அடுத்த பங்குனிப் புளி மரத்தில் பூப்பதற்கு முன்பே அவன் நோட்டில் ஏறிவிட்டது.

அந்த ஆடியில்தான் நான் பாங்கு விதியை முழுதாகப் படித்தேன். கடன் பத்திரத்தின் நகலில் சின்ன எழுத்தில் இருந்தது. தவணை தாமதமானால், தாமதமான தொகைக்கு மட்டும் வருஷத்துக்கு இரண்டு சதவீதம் கூடுதல் வட்டி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் ரூபாய் அசலைக் கட்டாமல் ஒரு மாதம் தள்ளினால், வழக்கமான பத்து ரூபாய் வட்டியோடு அபராதம் இரண்டு ரூபாய்கூட ஆகாது. அந்தத் தவணையைக் கட்டுவதற்காக விற்கிற புளியில் கிலோவுக்கு ஒரு ரூபாய் வீதம் நாங்கள் இழப்பது முந்நூற்று எழுபது.

"தொடர்ந்து மூணு தவணை தவறினா நோட்டீஸ் அனுப்புவாங்க, முழுசா கேப்பாங்கன்னு போட்டிருக்கு" என்று அதையும் சொன்னேன். "ஆனா ஒண்ணு ரெண்டு தள்ளலாம். போய்ச் சொல்லிக் கேக்கலாம். அந்த இன்னொரு மாதிரிக்கு மாத்தித் தருவாங்களான்னும் கேக்கலாம்."

காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "கணக்கு சரிதான்" என்றார். மடித்து என்னிடமே நீட்டி, "ஆனா பத்தாந்தேதி நான் வரலன்னு அந்த மனுஷன் வாசலப் பாப்பாரில்ல?" என்றார்.

"பாக்கட்டுங்க."

"நானே எத்தன பேர வாசல்ல பாத்து நின்னிருக்கேன் தெரியுமா?"

அதற்கு மேல் நான் எது சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. மலையில் பத்து வருஷத்துக்கு மேலாக அவர் மற்றவர்களை எந்தத் தராசில் நிறுத்தாரோ, அதில் அவரே ஏறி உட்கார்ந்திருந்தார். முள் கொஞ்சம் சாய்ந்தாலும் தாங்க மாட்டார்.

ஆனாலும் ஆவணித் தவணையின்போது கேட்டிருக்கிறார். பழைய மேனேஜர் மாற்றலாகிப் போயிருந்தார். வந்தவர் இளவயது, நல்ல மரியாதை தெரிந்தவர்.

"இன்னா சொன்னாரு?" என்றேன்.

"கடன் போட்டப்பறம் தவணை முறைய மாத்தணும்னா மேலாபீசுக்கு எழுதணுமாம். பதில் வர ரெண்டு மாசம் ஆவும்னாரு. எழுதட்டுமான்னு கேட்டாரு."

"எழுதச் சொன்னீங்களா?"

"கட்ட முடியாதவன்தானே எழுதணும். நான் பணத்தோட போய் நிக்கறேன். உங்க கணக்கு சுத்தமா இருக்கு, எதுக்கு மாத்தணும்னு கேட்டாரு. எனக்குப் பதில் வரல."

அந்த இளவயதுக்காரர் சொன்னதும் பொய்யில்லை. தவறாமல் கட்டுகிற ஒருவன் மூழ்கிக்கொண்டிருக்கிறான் என்று எந்த மேனேஜருக்குத் தெரியும்?

புரட்டாசி முழுக்க மழை. பஸ் பாதி நாள் மேலே வரவில்லை. பத்தாம் தேதிக்கு அவர் பொதிகளை ஜீப்பில் ஏற்றி, வழியில் ஜீப் நின்ற இடத்திலிருந்து ஆள் வைத்துச் சுமந்து, கீழே கொண்டுபோய் விற்றுக் கட்டினார். கூலி போக மண்டியில் கிடைத்தது அடக்கத்துக்கும் கீழே. ஏலகிரிப் பக்கம் விசாரித்ததில் அநேகமாக யாரிடமும் சரக்கு இல்லை. இருந்தவர்கள் சொன்ன விலை மூன்றைத் தொட்டது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் மெட்ராஸ் ஏஜெண்டு ஜீப்பில் வந்து இறங்கினார். லாரி கீழே ஒடுகத்தூரில் காத்திருந்தது. கிடங்குக் கதவைத் திறந்ததும் அவர் உள்ளே கூட வரவில்லை.

"எவ்ளோ இருக்கு?"

"மூணே முக்கால் டன்" என்றார் இவர்.

"ஆறு சொன்னீங்களே?"

"சொன்னேன். நடுவுல கொஞ்சம்…"

"பாதி லாரிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? மொதலாளி என் தலையில கட்டுவாரு." அவர் கோபப்படவில்லை. ஒரு பொதியைப் பிரித்து வாயில் போட்டுப் பார்த்தார். "சரக்கு சூப்பரு. இதுக்குத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, அதே ஜீப்பில் கீழே போனார்.

லாரி நிறைந்துதான் போனது. மண்டிக்காரரிடம் எங்கள் பொதிகளும் அவருடைய சரக்குமாக ஆறு டன்னும் ஒரே இடத்தில் கிடைத்தது. மாதா மாதம் நாங்கள் விற்ற பொதிகளை அவர் பிரிக்கவே இல்லை, அப்படியே அடுக்கி வைத்திருந்தார். நல்ல விலை வரும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அவ்வளவுதான். அவர் எங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. வாங்கினார், வைத்தார், விற்றார். அவருக்கு மாதம் யாருக்கும் கட்ட வேண்டியதில்லை.

மிச்சம் இருந்த சரக்கை அந்த வாரமே அவர்தான் எடுத்துக்கொண்டார். "எனக்கு இனிமே இது வேணாம். இருந்தாலும் உனக்காக" என்று கிலோவுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் போட்டார். தீபாவளி முடிந்தால் மலையில் ஈரம் ஏறும், புளி கறுத்துப் போகும். வேறு வழியில்லை.

அந்தப் பணத்தில் இவர் மீதிக் கடன் முழுவதையும் வருஷம் முடிவதற்கு முன்பே அடைத்துவிட்டார். நாலாயிரமும் அந்த மாத வட்டியும். சுமைகூலி, கிடங்கு வாடகை, ஜீப் எல்லாம் கொடுத்த பிறகு, ஆரம்பித்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகக் கையில் நின்றது. அடகில் இருந்த என் வளையல் முழுகிப் போனது. எண்ணிப் பார்த்தால் பெரிய நஷ்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடனை அடைத்த அன்று அந்த இளவயது மேனேஜர் அவரை உட்கார வைத்து, காபி வரவழைத்துக் கொடுத்தாராம். பாக்கியில்லை என்ற சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்து, "இந்த பிராஞ்சுலயே உங்க கணக்குதான் சுத்தமான கணக்கு. ஒரு நாள்கூடத் தவறல. அடுத்த வருஷம் இருபதாயிரம் கேளுங்க, நான் எழுதறேன்" என்றாராம். இவர் அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகினார்.

"இருபதாயிரம் தர்றாங்களாம்" என்றார்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

இருபதாயிரத்துக்கு வாங்கப் புளி இல்லை. மலையில் எல்லா மரமும் அரசமரத்தடி நோட்டில் இருந்தது.

அடுத்த பங்குனியில் அதே மரங்களை உலுக்கினார்கள். மண்டிக்காரர் ஆள் அனுப்பி, நிறுக்க நம்பிக்கையான ஆள் வேண்டும், நீயே நிறு என்று சொல்லிவிட்டார். கமிஷன் மூட்டைக்கு முன்பைவிடக் கால் ரூபாய் குறைவு. முன்பணம் கொடுத்ததும் வசூலிப்பதும் அவருடைய ஆள், இவருக்குத் தராசு மட்டும். ஆறு மரக்காரர் புளி கொண்டுவந்து ஒரே நாளில் அவ்வளவையும் போட்டுவிட்டு, மண்டிக்காரரின் ஆளிடம் கணக்கு முடித்துக்கொண்டு போனார். இவர் நிறுத்தார்.

போன வருஷம் கொட்டை தட்டிய அந்த வாய் நீளமானவளும் மூட்டையோடு வந்தாள். என்னைப் பார்த்து, "அக்கா, நல்லா கீறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். கேலி ஏதாவது சொல்ல மாட்டாளா என்று எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு பத்தாம் தேதியும் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

"எங்கங்க?"

"சும்மா. கீழ போய்ட்டு வர்றேன்."

ஒரு முறை எனக்கு ஒடுகத்தூரில் சாமான் வாங்க வேண்டியிருந்தது. கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அதே பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் இறங்கி, பாங்குக்கு எதிரில் உள்ள டீக்கடையில் உட்கார்ந்தார். டீ சொன்னார். பாங்குக் கதவு திறந்து ஆட்கள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேனேஜர் சைக்கிளில் வந்து இறங்கியபோது, எழுந்து நின்று கும்பிட்டார். மேனேஜரும் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார். பிறகு இவர் உட்கார்ந்து, ஆறின டீயைக் குடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

நான் கடைத்தெரு முனையிலேயே நின்றேன். அவர் என்னைப் பார்க்காத பக்கம் திரும்பிக்கொண்டேன். சாமானை அடுத்த பஸ்ஸில் ஏற்றி வந்தேன். வந்தபோது அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தராசின் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.